எங்கே அமுக்குவது?

இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வருகிறது. மரச்செக்கிலிருந்து எண்ணெய் வழிகிற காட்சி. கீழே, "5 லிட்டர் கடலை எண்ணெய், வீட்டுக்கே வரும்" என்று ஒரு வரி. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வீட்டில் எண்ணெய் தீரப்போவது நினைவுக்கு வருகிறது, விளம்பரத்தைத் தொடுகிறார். ஒரு பக்கம் திறக்கிறது. அவரை அதுவரை கொண்டுவந்து சேர்க்க எண்ணெய்க்காரர் ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. வந்தவரோ பக்கத்தை இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விடுகிறார். எண்ணெய் வேண்டாம் என்று அவர் முடிவு செய்யவில்லை. எங்கே அமுக்கினால் எண்ணெய் வரும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

இப்படி விளம்பரத்திலிருந்து வருபவர் வந்து இறங்கும் பக்கத்தைத்தான் லேண்டிங் பேஜ் என்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் முகப்புப் பக்கம் எல்லோருக்கும் பொதுவானது. வேலை தேடுபவரும் அதற்கு வருவார், முகவரி தேடுபவரும் வருவார். லேண்டிங் பேஜுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். வந்தவர் ஆர்டர் போட வேண்டும், அல்லது பெயர் பதிய வேண்டும், அல்லது போன் செய்ய வேண்டும். அந்த ஒரு காரியத்தை நடத்தி வைக்கும் பட்டனுக்கு 'கால் டு ஆக்ஷன்' என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக சி.டி.ஏ. என்பார்கள். நாம் பட்டன் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஆர்டர் வரவில்லை என்றதும் கடைக்காரர் வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "பட்டன் கண்ணுலயே படமாட்டேங்குதுங்க. இன்னும் பெருசா, செவப்பா போட்டுக் குடுங்க." அவரும் போட்டுக் கொடுக்கிறார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நிலைமை அப்படியே இருக்கிறது. பட்டன் தெளிவாக இல்லை என்று சொல்லப்படும் பக்கங்களில் கோளாறு பட்டனுக்குள் இருப்பது குறைவு. அதற்கு மேலே, கீழே, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலும் இருக்கிறது. எனவே பக்கத்தைச் சீர்பார்க்க உட்காரும்போது பட்டனைக் கடைசியில் தொட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பக்கத்தின் அமைப்பை.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். காங்கேயம் பக்கம் செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு குடும்பத் தொழிலின் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எந்த ஒரு கடையையும் குறிப்பதல்ல. ஆனால் இதே அச்சில் வார்த்த பக்கங்களை நீங்களே நிறையப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் லோகோ, அதன் பக்கத்தில் மெனு. அடுத்து, தானாக நகரும் மூன்று பேனர் படங்கள். ஒவ்வொன்றின் மேலும் 'மேலும் அறிய' என்று ஒரு பட்டன். அதன் கீழே "தங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று தொடங்கி, தாத்தா காலத்திலிருந்து தொழில் நடந்த கதை நான்கு பத்திகளுக்கு. பிறகு ஒரு யூடியூப் வீடியோ. பிறகு சான்றிதழ் படங்கள். அதற்கும் கீழே நான்கு எண்ணெய்களின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் 'விவரம் பார்க்க' என்று ஒரு பட்டன். கடைசியில் பெயர், போன் நம்பர், முகவரி கேட்கும் ஒரு படிவம். அதன் அடியில் சாம்பல் நிறத்தில் 'சமர்ப்பி'. இவை போதாதென்று திரையின் வலது மூலையில் வாட்ஸ்அப்பின் பச்சை வட்டமும், இடது மூலையில் போன் செய்யும் நீல வட்டமும் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும்.

சீர்பார்ப்பின் முதல் வேலை இந்தப் பக்கத்தைக் கணினியில் திறக்காமல் இருப்பது. விளம்பரத்திலிருந்து வருபவர் கையில் இருப்பது போன்தான். அதுவும் கண்ணாடி ஓரம் கீறல் விட்ட, நடுத்தர விலைப் போன். அப்படி ஒரு போனில் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து அடிவரை ஸ்க்ரீன்ஷாட்டுகளாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றைத் தாளில் அச்செடுத்து வரிசையாக ஒட்டினால் இன்னும் நல்லது. பிறகு ஒரு பேனாவை எடுத்து, தொட்டால் எங்கேயாவது கொண்டுபோகும் ஒவ்வொன்றையும் வட்டமிட வேண்டும். மெனு, பேனர் பட்டன்கள், வீடியோ, சான்றிதழ்கள், நான்கு 'விவரம் பார்க்க', இரண்டு மிதக்கும் வட்டங்கள், அடியில் பேஸ்புக், யூடியூப் சின்னங்கள், கடைசியாக 'சமர்ப்பி'. நம் எண்ணெய்ப் பக்கத்தில் இது எளிதாக 15ஐத் தாண்டிவிடும்.

வட்டமிட்டு முடித்ததும் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: வந்தவர் ஒரே ஒரு காரியம் செய்துவிட்டுப் போகலாம் என்றால், அது எதுவாக இருக்க வேண்டும்? "ஆர்டர் போடணும், இல்லாட்டி போன் பண்ணணும், இல்லாட்டி வாட்ஸ்அப்ல வரணும்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது என்று பொருள். கல்யாண வீட்டில் நான்கு பேர் நான்கு திசையிலிருந்து "இங்க உக்காருங்க" என்று கூப்பிட்டால் விருந்தாளி நடுப்பந்தலில் நின்றுகொண்டிருப்பார். பக்கத்துக்கு வந்தவரும் அப்படித்தான் நிற்கிறார். ஒவ்வொரு அழைப்பும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. எல்லாம் ஒரே குரலில், ஒரே நேரத்தில் கேட்பதுதான் தொல்லை.

இந்த இடத்தில் வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வருபவர்கள் வாட்ஸ்அப்பைத் தூக்கு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் ஊரில் சிறு கடைகளுக்கு ஆர்டர் வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் என்றால், அதைத்தான் முதன்மைப் பட்டனாக்க வேண்டும். அதைத் தொட்டவுடன் "5 லிட்டர் கடலை எண்ணெய் வேண்டும்" என்ற செய்தி தானாகவே தட்டச்சாகி நிற்கும்படி இணைப்பை அமைக்கலாம். வாங்குபவர் அனுப்பினால் மட்டும் போதும். அப்படிச் செய்தால் அடியில் உள்ள படிவத்துக்கு வேலை இல்லை, அதை எடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பும் படிவமும் இரண்டும் இருக்கட்டும் என்பது தாராளம் போலத் தோன்றும். வாங்க வந்தவர் தலையில் அது ஒரு முடிவைக் கூடுதலாக ஏற்றி வைக்கிறது. நம் உதாரணத்துக்கு, பக்கத்திலேயே ஆர்டர் எடுத்துப் பணமும் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இரண்டாவது வேலை மங்கலாக்கிப் பார்ப்பது. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை போனில் உள்ள எடிட்டரிலேயே எழுத்து படிக்க முடியாத அளவுக்கு மங்கலாக்கலாம். அது முடியாவிட்டால் போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் போதும். எழுத்து மறைந்து, வெறும் திட்டுகள் மட்டும் தெரியும். அந்தத் திட்டுகளில் முதலில் கண்ணை இழுப்பது எது? எண்ணெய்ப் பக்கத்தில் பேனர் படமும், மூலையில் பச்சை வட்டமும் பளிச்சென்று நிற்கும். சாம்பல் நிற 'சமர்ப்பி' பின்னணியோடு கரைந்து போயிருக்கும். யாருக்கும் விளக்கத் தேவையில்லை, கடைக்காரரே பார்த்துவிட்டு "இது எங்கீங்க காணோம்?" என்று கேட்டுவிடுவார்.

மங்கலிலும் தெரிய ஒரு பட்டனுக்கு முக்கியமாக வேண்டியது இடம். அதைச் சுற்றிச் சும்மா விட்ட வெற்றிடம். படத்தின் மேல் ஏறி உட்கார்ந்த பட்டனும், இரண்டு பத்திகளுக்கு நடுவில் நசுங்கிக் கிடக்கும் பட்டனும் எந்த நிறத்தில் இருந்தாலும் கரைந்துதான் போகும். அதே பட்டனுக்கு மேலும் கீழும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டால், அளவைக் கூட்டாமலேயே எடுப்பாக நிற்கும். நகரும் பேனர்களை எடுத்துவிட்டு ஒரே ஒரு படத்தை நிலையாக வைத்தால் இந்த இடம் தானாகவே கிடைத்துவிடும். பேனர் நகர்வதில் இன்னொரு தொல்லையும் உண்டு. கை பட்டனை நெருங்கும்போது படம் மாறி, வேறொன்றில் விரல் விழும்.

பட்டன் பக்கத்தின் உச்சியிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு விதி ஊரெங்கும் பரவியிருக்கிறது. பாதி உண்மை அது. விளம்பரத்தில் "5 லிட்டர் கடலை எண்ணெய்" என்று பார்த்து வந்தவருக்கு, அதே பொருள், அதே படம், விலை, பட்டன் நான்கும் முதல் திரையிலேயே கிடைத்தால் போதும், அவர் தாத்தா கதையைப் படிக்க வரவில்லை. ஆனால் விலை தெரியாமல், எந்த அளவு டின் என்று தெரியாமல் உச்சியில் 'ஆர்டர் செய்யுங்கள்' என்று மட்டும் நின்றால் யாரும் தொடமாட்டார்கள். முடிவு எடுக்கத் தேவையான செய்தி எங்கே முடிகிறதோ அதை ஒட்டித்தான் பட்டன் இருக்க வேண்டும். பக்கம் நீளம் என்றால் அதே பட்டனை, அதே வார்த்தைகளோடு, கீழே இன்னொரு முறை வைக்கலாம். அல்லது திரையின் அடியில் ஒட்டி நிற்கும் பட்டையாக்கலாம். ஒரே காரியத்துக்கு மேலே 'வாங்க', நடுவில் 'ஆர்டர்', கீழே 'சமர்ப்பி' என்று மூன்று பெயர் வைப்பதுதான் கூடாது. மூன்றும் வேறு வேறு வேலை செய்யும் என்று வந்தவர் நினைத்துக்கொள்வார்.

இப்போது பட்டனின் அக்கம்பக்கத்துக்கு வருவோம். இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஜாரெட் ஸ்பூல், வலைத்தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்பவர். பெரிய இணையக் கடை ஒன்றைப் பற்றி அவர் எழுதினார். கடையின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே பொருள்களைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போனால், நடுவில் ஒரு சின்னப் படிவம் வரும். மின்னஞ்சல், கடவுச்சொல் என்று இரண்டு கட்டங்கள். 'Login', 'Register' என்று இரண்டு பட்டன்கள். அடியில் கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஒரு இணைப்பு. பார்வைக்கு இதைவிடத் தெளிவான படிவம் இருக்க முடியாது. ஆனால் மக்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தபோது, முதல்முறை வாங்க வந்தவர்களுக்கு அந்த 'Register' எரிச்சலைத் தந்தது. பொருள் வாங்க வந்தவரிடம் எதற்குப் பதிவு கேட்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. எந்த மின்னஞ்சல் கொடுத்தோம், என்ன கடவுச்சொல் வைத்தோம் என்பது மறந்துபோயிருந்தது.

தீர்வு எளிமையாக இருந்தது. 'Register' பட்டனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'Continue' என்று வைத்தார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: வாங்குவதற்குக் கணக்குத் தொடங்கத் தேவையில்லை, விருப்பமிருந்தால் பணம் கட்டும்போது தொடங்கிக்கொள்ளலாம் என்று. வாங்கி முடிப்பவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் விற்பனை 30 கோடி டாலர் உயர்ந்தது என்று ஸ்பூல் எழுதியிருக்கிறார். பட்டனின் நிறமோ அளவோ அங்கே பேச்சிலேயே இல்லை. தொட்டால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பது தெளிவானது, அவ்வளவுதான்.

நம் எண்ணெய்ப் பக்கத்தில் அந்தக் குறிப்புக்குச் சமமானது எது? பட்டனுக்கு மேலே: "கடலை எண்ணெய், 5 லிட்டர் டின்", அதன் விலை, டெலிவரிக்குத் தனிக்காசு உண்டா இல்லையா. பட்டனுக்குக் கீழே சின்ன எழுத்தில்: "3 நாளில் வந்து சேரும். பொருள் வந்த பிறகும் பணம் தரலாம்." வாங்குபவர் மனதில் அந்த நொடியில் ஓடும் கேள்விகள் இவைதான். இவற்றுக்குப் பதில் வேறு பக்கத்தில், 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்ற தலைப்புக்குள் ஒளிந்திருந்தால், விரல் பட்டனுக்கு மேலேயே நின்றுவிடும். படிவத்தில் கேட்பவையும் இதில் அடங்கும். டின் அனுப்ப முகவரியும் போன் நம்பரும் வேண்டும். பிறந்த தேதி எதற்கு? மின்னஞ்சல் எதற்கு? கேட்க வேண்டிய காரணம் கடைக்காரருக்கே தெரியாத கட்டங்களை எடுத்துவிடலாம்.

இனி பட்டன் மேல் என்ன எழுதுவது. 2007 டிசம்பரில் பராக் ஒபாமாவின் தேர்தல் பிரசாரக் குழு தன் தளத்தின் நுழைவுப் பக்கத்தில் ஒரு சோதனை நடத்தியது. நடத்தியவர் டான் சிரோக்கர், கூகுளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பக்கத்தின் நோக்கம் வந்தவரின் மின்னஞ்சல் முகவரியைப் பெறுவது. பட்டனுக்கு நான்கு வாசகங்கள், மேலே வைக்க ஆறு படங்களும் வீடியோக்களும். மொத்தம் 24 சேர்க்கைகள். 3,10,000க்கும் சற்று அதிகமானவர்களுக்கு இவற்றை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அப்போது பக்கத்தில் இருந்த வாசகம் 'Sign Up'. அதைவிட 'Learn More' என்பது 18.6 சதவீதம் அதிகம் பேரைப் பதிய வைத்தது. குழுவினர் வீடியோதான் வெல்லும் என்று நம்பியிருந்தார்கள். எல்லா வீடியோக்களும் எல்லாப் படங்களையும்விடப் பின்தங்கின. ஒபாமாவின் குடும்பப் படமும் 'Learn More' பட்டனும் சேர்ந்த பக்கத்தில் 11.6 சதவீதம் பேர் பதிந்தார்கள். பழைய பக்கத்தில் அது 8.26 சதவீதம்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லாப் பக்கங்களிலும் 'மேலும் அறிய' என்று எழுதிவைத்தவர்கள் ஏராளம். அதுதான் தவறு. ஒபாமாவை அப்போது நிறையப் பேருக்கு அவ்வளவாகத் தெரியாது. பக்கத்துக்கு வந்தவர்கள் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்களாக இருந்திருக்கலாம், பதிவு என்பது அவர்களுக்கு ஓரடி முன்கூட்டியே வந்த கோரிக்கை. நம் எண்ணெய் வாடிக்கையாளர் நிலை நேர் எதிர். கடலை எண்ணெய் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், வாங்கத்தான் வந்திருக்கிறார். அவரிடம் 'மேலும் அறிய' என்பது வாசலில் நிறுத்திவைப்பது. வந்தவர் மனம் எந்தப் படியில் இருக்கிறதோ, அதற்கு அடுத்த படியைத்தான் பட்டன் சொல்ல வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பட்டனில் உள்ள வாசகத்தை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, பக்கத்தைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி, "இதை அமுக்குனா என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். 'சமர்ப்பி' என்றால் அவரால் சொல்ல முடியாது. எதை, யாருக்கு, அப்புறம் என்ன என்று எதுவும் அதில் இல்லை. '5 லிட்டர் ஆர்டர் செய்ய' என்று காட்டினால் உடனே சொல்லிவிடுவார். அதை அமுக்கியதும் அடுத்த திரையிலும் ஆர்டர்தான் வர வேண்டும். 'ஆர்டர் செய்ய' என்று சொல்லிவிட்டு விலைப்பட்டியலுக்குக் கொண்டுபோனால் இரண்டாம் முறை அவர் நம்பமாட்டார்.

தமிழில் எழுதும்போது வடிவமைப்பாளர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பட்டன்களின் உயரம் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. நம் எழுத்தில் 'கி', 'கீ' மேலே கொக்கி போடும். 'கு', 'கூ' கீழே இறங்கும். உயரத்தைக் குறிப்பிட்ட அளவில் பூட்டிவைத்தால் மேல் கொக்கியோ கீழ்ச் சுழியோ வெட்டுப்படும். தடித்த எழுத்தைச் சிறிய அளவில் போட்டால் 'ண', 'ன' சுழிகள் அடைபட்டு ஒன்றுபோலத் தெரியும். 'உங்கள் ஆர்டரை இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்' போன்ற நீள வாசகம் சின்னப் போனில் இரண்டு வரியாக உடைந்து, பட்டன் என்பதே தெரியாமல் ஒரு பத்திபோல ஆகிவிடும். இரண்டு மூன்று சொற்கள் போதும். எழுத்தைப் பெரிதாக்கி, மேலும் கீழும் தாராளமாக இடைவெளி விட வேண்டும்.

பட்டன் விரலுக்கும் அடங்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டுதல், தொடும் இடம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் உயரமும் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது. கட்டைவிரல் நுனிக்கு அதற்குக் குறைந்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து அமுங்கும். எண்ணெய்ப் பக்கத்தில் பச்சை வட்டம் 'சமர்ப்பி'யின் வலது ஓரத்தின் மேல் ஏறி நின்றது என்றால், வலது கையால் போன் பிடிப்பவர் ஆர்டர் போட நினைத்து வாட்ஸ்அப்பைத் திறப்பார். கணினியில் பக்கத்தைப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

நிறம் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததற்குக் காரணம், எல்லோரும் முதலில் பேசுவது அதைத்தான் என்பது. சிவப்பு விற்கும், பச்சை விற்காது என்று எந்தச் சட்டமும் இல்லை. பக்கத்தில் வேறெங்கும் பயன்படுத்தாத நிறத்தைப் பட்டனுக்கு மட்டும் ஒதுக்கினால் அது எடுப்பாகத் தெரியும். எந்த நிறம் என்பது இரண்டாம் பட்சம். நிறத்தில் அளந்து பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது: எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு. இதைக் காண்ட்ராஸ்ட் என்கிறோம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்கும்படி வலைப்பக்கங்கள் அமைய, உலகளாவிய வலை கூட்டமைப்பு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கு அந்த விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும்.

எண்ணெய்க் கடை என்பதால் பட்டனுக்கும் எண்ணெயின் மஞ்சள் நிறம் வைத்து, அதன்மேல் வெள்ளை எழுத்து போடுவது வழக்கம். #FFC107 என்ற மஞ்சள்மேல் வெள்ளை எழுத்தின் விகிதம் 1.6க்கு 1தான் வருகிறது. அறைக்குள் கணினித் திரையில் அழகாக இருக்கும். மதிய வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று போனைப் பார்ப்பவருக்கு மஞ்சள் கட்டம் மட்டும் தெரியும், எழுத்து தெரியாது. அதே மஞ்சள்மேல் கறுப்புக்கு நெருக்கமான #1A1A1A எழுத்தைப் போட்டால் விகிதம் 10ஐத் தாண்டிவிடும். மஞ்சளை மாற்ற வேண்டியதில்லை, எழுத்தை மாற்றினால் போதும். இரண்டு நிறங்களின் எண்களைக் கொடுத்தால் விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அமுக்கிய பிறகு நடப்பதும் பட்டனின் தெளிவில் சேர்த்திதான். நெட்வொர்க் மந்தமான ஊரில் ஆர்டர் பதிவாக நான்கு நொடி ஆகலாம். அந்த நான்கு நொடியும் பட்டன் அசையாமல் நின்றால், அமுங்கவில்லையோ என்று மறுபடியும் அமுக்குவார்கள். இரண்டு டின் ஆர்டராகும், பிறகு போனில் சண்டை வரும். அமுக்கியவுடன் எழுத்து 'பதிவாகிறது...' என்று மாறி, பட்டன் தற்காலிகமாகச் செயலிழந்து நிற்க வேண்டும். பிறகு ஆர்டர் எண்ணோடு ஒரு திரை வர வேண்டும்.

இத்தனையும் செய்த பக்கம் உண்மையில் மேம்பட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரிய நிறுவனங்கள் பழைய பக்கத்தையும் புதியதையும் வருபவர்களுக்குப் பாதிப் பாதியாகக் காட்டி எண்ணிப் பார்க்கும். இதற்கு ஏ/பி டெஸ்ட் என்று பெயர். சிறு கடைக்கு இது பெரும்பாலும் எட்டாது. 100 பேரில் 3 பேர் வாங்குவது 4 பேராக உயர்ந்ததா என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொரு பக்கத்தையும் ஏறத்தாழ 5,300 பேர் பார்த்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 100 பேர் வரும் பக்கத்துக்கு அது மூன்றரை மாதம். நடுவில் தீபாவளி வந்தால் கணக்கே குழம்பிவிடும். ஒரு வாரம் பார்த்துவிட்டு "புதுப் பட்டன்ல ஆர்டர் இரட்டிப்பாயிடுச்சு" என்று சொல்பவரை நம்பாதீர்கள். 4 ஆர்டர் 8 ஆனது தற்செயலாகவும் இருக்கலாம்.

சிறு கடைக்கு அதைவிடப் பயன் தருவது, ஐந்து பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பது. ஐந்து பேர் போதும் என்பது 2000இல் ஜேக்கப் நீல்சன் பரவலாக்கிய யோசனை. பெரிய கோளாறுகள் அதற்குள்ளேயே வெளிவந்துவிடும் என்பது அவர் வாதம். வீட்டு ஆட்கள் வேண்டாம், அவர்களுக்குப் பக்கம் ஏற்கெனவே தெரியும். பக்கத்துத் தெரு அக்கா, மருந்துக்கடைப் பையன், பஞ்சாயத்து அலுவலக ஊழியர் என்று எண்ணெய் வாங்கும் சாத்தியம் உள்ளவர்கள் வேண்டும். அவர்கள் கையில் போனைக் கொடுத்து, "உங்க வீட்டுக்கு 5 லிட்டர் கடலை எண்ணெய் வேணுங்க, இதுல வாங்கிப் பாருங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். பட்டன் என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது. பிறகு வாயை மூடிக்கொண்டு அவர்கள் கட்டைவிரலைப் பார்க்க வேண்டும். விரல் எங்கே நின்றது, எங்கே திரும்ப மேலே போனது, எதைத் தொட்டு ஏமாந்தது. "ஏனுங்க, வெல எங்க போட்டிருக்கீங்க?" என்று அக்கா கேட்டால் பதில் சொல்லக்கூடாது, குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு கேள்வி மூன்று பேர் வாயிலிருந்து வந்தால், மூன்றரை மாதம் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டனைத் தெளிவாக்கச் சொன்னால் சிலர் மிரட்டலாக்கிவிடுகிறார்கள். கிடங்கில் டின்கள் அடுக்கி இருக்கும்போதே "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று ஓடும் எழுத்து. வேண்டாம் என்று மூடப் பார்த்தால் "எனக்கு ஆரோக்கியம் தேவையில்லை" என்று எழுதிய பட்டன். பணம் கட்டும் கடைசித் திரையில் முளைக்கும் டெலிவரி காசு. இவை மோசமான ரசனை மட்டுமல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகள், வாங்குபவரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. பொய்யான அவசரம், மறுப்பவரை வெட்கப்பட வைப்பது, விலையைத் துளித்துளியாகக் காட்டுவது மூன்றும் அதில் இருக்கின்றன. சின்னக் கடைக்கு யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட வேண்டாம். எண்ணெய் மாதாமாதம் வாங்கும் பொருள், ஏமாந்தவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

உங்கள் கடைக்கும் இப்படி ஒரு பக்கம் இருந்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணமோ ஆளோ இல்லை என்றால், வரிசை இதுதான்: விலையையும் டெலிவரி விவரத்தையும் பட்டனுக்கு ஒட்டினாற்போல் கொண்டுவாருங்கள். அடுத்து, அதோடு போட்டி போடும் மற்றப் பட்டன்களை எடுத்துவிடுங்கள். பிறகு அதன் மேலுள்ள வாசகத்தை மாற்றுங்கள். எழுத்து வெயிலில் படிக்க முடிகிறதா என்பதை அதற்குப் பின் பாருங்கள். சிவப்பா பச்சையா என்ற பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.